சலூனில் முடி தான நாள்: நடத்த நினைக்கும் உரிமையாளர்கள் கேட்கும் கேள்விகள்

இலவச மேக்கோவர் நாள் வைக்கலாமா, முடி தான நாள் வைக்கலாமா? எதுல நல்ல பேர் கிடைக்கும்?

சிறிய சலூன் என்றால் முடி தானம்தான், அதாவது நோயால் முடி இழந்தவர்களுக்கு விக் செய்ய நீள முடியை வெட்டிக் கொடுக்கும் நாள்தான் என் தேர்வு. 'எல்லாருக்கும் இலவசம்' என்று அறிவித்தால் வாசலில் கூட்டம் சேரும். ஆனால் போன வாரம் காசு கொடுத்து அதே வேலையைச் செய்துகொண்ட வாடிக்கையாளர் அதைப் பார்த்துக்கொண்டு போவார். அவருக்கு என்ன தோன்றும் என்பதையும் யோசிக்க வேண்டும். முடி தானத்தில் அந்தச் சங்கடம் இல்லை. நீளமான முடியைக் கொடுத்தவருக்குத்தான் இலவச வெட்டு, அது ஏன் என்பதும் பார்க்கிற எல்லாருக்கும் புரியும்.

இரண்டையும் சேர்த்தே செய்யலாம். இடுப்பு வரை முடி வைத்திருந்தவர் தோளுக்கு மேலே வெட்டிக்கொண்டால் அதுவே பெரிய மேக்கோவர்தான். முடியை வாங்கிக்கொண்டு அரைகுறையாக அனுப்பாமல், வெட்டி, கழுவி, பிளோ டிரை செய்து, முகத்துக்குப் பொருந்தும்படி முடித்துக் கொடுங்கள். அன்றைய நாளின் நல்ல பெயர் அந்தக் கடைசி அரை மணி நேர வேலையில்தான் இருக்கிறது.

தேதி முடிவாயிடுச்சு. போஸ்டர் அடிச்சிடலாமா?

இன்னும் வேண்டாம். முடியை யார் வாங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்பது முதலில் முடிவாக வேண்டும். வாங்கும் அமைப்புக்கு அமைப்பு விதி வேறு. அமெரிக்காவில் பலருக்கும் தெரிந்த இரண்டு அமைப்புகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 'லாக்ஸ் ஆஃப் லவ்' 10 இஞ்ச் நீளம் கேட்கிறது. டை அடித்த முடியை ஏற்கும், ப்ளீச் செய்ததை ஏற்காது. 'விக்ஸ் ஃபார் கிட்ஸ்' 12 இஞ்ச் கேட்கிறது, டை அடித்த முடியே வேண்டாம் என்கிறது. போஸ்டரில் '10 இஞ்ச் போதும்' என்று போட்டுவிட்டு இரண்டாவது வகை அமைப்புக்கு அனுப்பினால், பாதி முடி பயன்படாது. அதைக் கொடுத்தவருக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

அதனால் அமைப்பிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். குறைந்தபட்ச நீளம் என்ன, டை, மருதாணி, ஸ்ட்ரெய்ட்டனிங், நரை இவற்றில் எது ஆகும், விக்கை இலவசமாகக் கொடுக்கிறார்களா கட்டணம் உண்டா, பொருந்தாத முடியை என்ன செய்வார்கள், முடி வந்து சேர்ந்ததும் கடிதமோ மெயிலோ அனுப்புவார்களா. கடைசிக் கேள்வியைப் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். பிற்பாடு தானம் செய்தவர்களிடம் காட்ட உங்கள் கையில் இருக்கப்போவது அந்தக் கடிதம் ஒன்றுதான்.

வீட்ல அளந்தா நீளம் போதுங்கறாங்க, நாற்காலியில உட்கார வெச்சு அளந்தா குறையுது. ஏன்?

வீட்டில் உச்சந்தலையிலிருந்து நுனி வரை டேப்பை ஓட்டுகிறார்கள். அமைப்புக்கு வேண்டியது ரப்பர் பேண்டுக்குக் கீழே நுனி வரை உள்ள நீளம். உச்சியில் முளைத்த முடி பிடரிக்கு வந்து சேரவே ஏழெட்டு இஞ்ச் செலவாகிவிடும்.

ஒரு தலையை எண்களோடு பார்ப்போம். அமைப்பு 12 இஞ்ச் கேட்கிறது. வந்திருப்பவரின் பிடரி முடி வேரிலிருந்து 17 இஞ்ச், உச்சி முடி 25 இஞ்ச். முன்பக்கம் லேயர் வெட்டியிருக்கிறார், அங்கே 14 இஞ்ச்தான். எல்லாவற்றையும் பிடரியில் ஒரே கொத்தாகச் சேர்த்தால் உச்சி முடியில் 8 இஞ்ச் தலையைச் சுற்றி வரவே போய்விடும், மிச்சம் 17, பிடரி முடியின் அளவே. அது தேறும். முன்பக்க முடி பிடரிக்கு வர 9 இஞ்ச் ஆகும், மிச்சம் வெறும் 5. வெளியிலிருந்து பார்த்தால் கொத்து நீளமாகவும் கனமாகவும்தான் தெரியும். ஆனால் அதற்குள் 5 இஞ்ச் முடி ஒளிந்திருக்கிறது. விக் செய்யும் இடத்தில் கொத்தை நீளவாரியாகப் பிரிக்கும்போது அது கழிந்துவிடும்.

ஆகவே முன்பக்க லேயரைக் கொத்தில் சேர்க்கவே வேண்டாம். அதை முகத்தின் இருபுறமும் விட்டு, கடைசியில் புது வெட்டோடு ஒட்டி வரும்படி ஒழுங்குபடுத்துங்கள். பிடரியில் 17 இஞ்சில் 12 போனால் மிச்சம் 5. பேண்டுக்கு அரை இஞ்ச் மேலே வெட்டுவதால் நாலரை, சமன்படுத்தினால் ஏறக்குறைய 4. தோளுக்கு மேலே நிற்கும் பாப் வெட்டு அது. "தோளுக்குக் கீழே இருக்கணும்" என்று நினைத்து வந்தவர் என்றால், கத்தரி எடுக்கும் முன்பே அந்த 4 இஞ்சை விரலால் தொட்டுக் காட்டிவிடுங்கள்.

சுருட்டை முடியை இழுத்து நேராக்கி அளக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் கேட்கிறார்கள். வெட்டிய பின் மிச்ச முடி சுருண்டு இன்னும் குட்டையாகத் தெரியும். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒரே பின்னலா போட்டு ஒரே வெட்டு வெட்டினா போட்டோவுக்கு நல்லா இருக்குமே?

போட்டோவுக்கு நன்றாக இருக்கும், தலைக்கு நன்றாக இருக்காது. பிடரியில் ஒரே கொத்தாகக் கட்டி வெட்டிவிட்டு அவிழ்த்துப் பாருங்கள். முன்பக்கம் நீண்டும் பின்பக்கம் குட்டையாகவும் விழும், ஏனென்றால் முன்முடி பின்னால் இழுக்கப்பட்டு வந்தது. அதைச் சமன்செய்ய எல்லா முடியையும் பிடரியின் அளவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். கேட்டதைவிட ஒரு சாண் குட்டையாகப் போய்விட்டது என்று வாடிக்கையாளர் கண் கலங்குவது இப்படித்தான். தடித்த கொத்தில் கத்தரியும் வழுக்கும். மூன்று நான்கு முறை அறுத்தால் ஓரம் கடித்தது போல ஆகிவிடும்.

நான்கு பாகமாகப் பிரியுங்கள், பின்னால் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. முடி அடர்த்தி என்றால் ஆறு. முடி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், எண்ணெயோ ஜெல்லோ இருக்கக் கூடாது. சிக்கெடுத்து, ஒவ்வொரு பாகத்தையும் எங்கே வெட்டப் போகிறீர்களோ அதற்கு அரை இஞ்ச் கீழே பேண்டால் இறுக்கிக் கட்டுங்கள். நடுவில் ஒன்று, நுனிக்கு மேலே ஒன்று. பின்னல் போட்டால் இன்னும் பாதுகாப்பு. பிறகு மேல் பேண்டுக்கு மேலே வெட்டுங்கள். பேண்ட் முடியோடு போக வேண்டும், தலையில் தங்கக் கூடாது.

பேண்ட் விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கேட்பார்கள். முடியின் மேல் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் உண்டு, எல்லாம் வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். விக்கில் எல்லா இழைகளும் ஒரே திசையில் இருந்தால் வழுவழுவென்று விழும். சில இழைகள் தலைகீழாகக் கலந்தால் செதிலும் செதிலும் மாட்டிச் சிக்குப் போடும். கொத்து அவிழ்ந்து கலைந்துவிட்டால் எது வேர்ப்பக்கம் என்று கண்ணால் சொல்ல முடியாது, அந்த முடியை ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

போட்டோ வேண்டும் என்றால் முதல் கொத்தைத் தானம் செய்பவர் கையிலேயே கத்தரியைக் கொடுத்து வெட்டச் சொல்லுங்கள். அந்தப் படம் ஒரே வெட்டுப் படத்தைவிட நன்றாக வரும்.

தரையில விழுந்த முடியையும் சேர்த்து அனுப்பலாமா?

விக்குக்கு ஆகாது, காரணம் மேலே சொன்ன செதில்தான். ஆனால் குப்பை என்றும் சொல்ல முடியாது. 1989இல் எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து கடலில் எண்ணெய் கொட்டியபோது, நீர்நாய்களின் ரோமம் எண்ணெயை உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதை டிவியில் பார்த்தார் ஃபில் மெக்ரோரி என்ற அமெரிக்க முடிதிருத்துநர். மனித முடியும் அப்படிப் பிடிக்குமா என்று சோதித்துப் பார்த்தார். இன்று எண்ணெய்க் கசிவைத் துடைக்க முடியால் பாய் செய்யும் வேலைக்கு விதை போட்டவர்களில் அவர் ஒருவர். அப்படி வாங்கிக்கொள்ளும் இடம் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் துண்டு முடியைத் தனிப்பையில் சேருங்கள். நீளம் போதாமல் வந்தவர்களுக்கும் அன்று ஒரு பங்கு கிடைக்கும்.

நீளம் போதலேன்னா எப்படிச் சொல்றது? ஆசையா வந்தவங்க முகம் வாடிடுமே.

வாசலில் வந்து நிற்கும்போது சொல்லும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். முன்பதிவின்போதே பிடரியில் பேண்ட் போட்டு, பக்கத்தில் ஸ்கேலோ டேப்போ பிடித்து, முதுகுப்பக்கம் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டை, ப்ளீச் பற்றியும் அப்போதே கேளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பேருக்கு, 'முடியாது' என்று நிறுத்தாமல் கணக்கோடு சொல்லுங்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் செ.மீ. வளரும். 2 இஞ்ச் குறைகிறது என்றால் 5 செ.மீ., அதாவது நான்கு மாதம். வெடித்த நுனியை வெட்டும் கணக்கையும் சேர்த்து ஐந்தாறு மாதம் கழித்து ஒரு தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். அவர் திரும்பி வந்தால், அது தான நாளாக இல்லாவிட்டாலும், அதே சலுகையைக் கொடுங்கள்.

"பரவாயில்ல, வெட்டிடுங்க, யாருக்காவது ஆகும்" என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். வெட்டாதீர்கள். ஆகாது என்று தெரிந்தும் வாங்கி வைத்துக்கொண்டால், அது ஏமாற்றுவதுதான்.

மூணு நாற்காலி இருக்கு. ஒரு நாளைக்கு எத்தனை பேரை எடுக்கலாம்?

வெட்டுவது சில நிமிட வேலை. நேரம் போவது முன்னாலும் பின்னாலும். அளந்து பேச பத்து நிமிடம், பிரித்துக் கட்டி வெட்டப் பத்து, கழுவி வடிவமைத்து உலர்த்த முப்பது. ஆக, ஆளுக்கு 50 நிமிடம். காலை 10 முதல் மாலை 4 வரை என்றால் 360 நிமிடம், நாற்காலிக்கு ஏழு பேர், மொத்தம் 21. ஆனால் 21 பேரைப் பதியாதீர்கள். ஒருவர் தாமதமாக வருவார், ஒருவருக்கு அடர்த்தி அதிகமாக இருக்கும், வேலை செய்பவர்களும் சாப்பிட வேண்டும். 15 பேர் நிம்மதி, 18 மேல் வரம்பு.

கத்தரி பிடிக்காத ஒருவர் கட்டாயம் வேண்டும். அளவு மேசையில் உட்கார்ந்து படிவம் நிரப்புவது, வெட்டிய கொத்தை உடனே வாங்கிப் பையில் போட்டுச் சீட்டு ஒட்டுவது, இவை அவர் வேலை. அந்த ஆள் இல்லாவிட்டால் மதியத்துக்குள் கொத்துகள் ட்ராலித் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், எது யாருடையது என்று தெரியாது. ஊழியர்களுக்கு அன்றைய சம்பளம் உண்டு என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். தானம் கொடுப்பது சலூன், அதில் வேலை செய்பவரின் கூலி இல்லை.

"உங்கள் முடி புற்றுநோயுள்ள ஒரு குழந்தைக்குப் போகும்"னு போடலாமா?

வேண்டாம். மனதைத் தொடும் வரிதான், ஆனால் பெரும்பாலும் உண்மையாக இருக்காது.

ஒருவர் முடியில் ஒரு விக் ஆகாது. 'லாக்ஸ் ஆஃப் லவ்' கணக்கில் ஒரு விக்குக்கு ஆறு முதல் பத்துக் கொத்து வேண்டும், வேறு சில அமைப்புகள் இதைவிட அதிகம் சொல்கின்றன. பலரின் முடி நிறம், நீளம் பார்த்துப் பிரிக்கப்பட்டுக் கலந்துதான் விக் ஆகிறது. பெறுபவர் எல்லாரும் புற்றுநோயாளிகளும் இல்லை. அலோபீசியா அரியாட்டா என்ற நோயில் உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே முடியின் வேர்ப்பையைத் தாக்கும், முடி கொத்துக் கொத்தாக உதிரும், சிலருக்கு முழுத் தலையும் போய்விடும். கீமோ முடிந்தவர்களுக்குப் பெரும்பாலும் சில மாதங்களில் முடி திரும்ப முளைக்கும். அலோபீசியாவில் வருடக்கணக்காக வராமலே போகலாம். 'லாக்ஸ் ஆஃப் லவ்' போன்ற அமைப்பிடம் விக் கேட்டு வரும் குழந்தைகளில் நிறையப் பேர் இவர்கள்தான். அளவு குறைந்த முடியையும் நரையையும் விற்று, அந்தப் பணத்தை விக் செய்யும் செலவுக்குப் பயன்படுத்தும் அமைப்புகளும் உண்டு. அதில் தவறில்லை, ஆனால் தானம் செய்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

போஸ்டரில் இப்படி எழுதலாம்: "நோயால் முடி இழந்தவர்களுக்கு விக் செய்யும் அமைப்புக்கு நீங்கள் தரும் முடியை அனுப்புகிறோம். பலர் தரும் முடி சேர்ந்துதான் ஒரு விக் ஆகிறது." அடியில் அமைப்பின் பெயர், நீள அளவு, டை விதி. இதைப் படித்துவிட்டு ஒருவர் வராமல் போனால் போகட்டும்.

நாற்காலியில உட்கார்ந்தப்புறம் மனசு மாறிட்டா?

எழுந்து போகலாம் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கொத்துகளைக் கட்டி முடித்ததும் கண்ணாடியில் பின்பக்கம் காட்டி, "இந்தப் பேண்டுக்கு மேலேதான் வெட்டு விழும், சரியா?" என்று ஒரு முறை கேட்டு நிறுத்துங்கள். பதில் வரும் வரை கத்தரி மேசையில்தான் இருக்க வேண்டும். தயக்கம் தெரிந்தால் அன்று ட்ரிம் மட்டும் செய்து அனுப்புங்கள்.

குழந்தைகளிடம் இன்னும் கவனம் வேண்டும். அம்மாவோ அப்பாவோ ஆசைப்பட்டுக் கூட்டிவந்திருப்பார்கள், பிள்ளைக்கு விருப்பம் இருக்காது. கேள்வியைப் பிள்ளையிடமே கேளுங்கள், "உனக்கு எவ்வளவு நீளம் வேணும் கண்ணா?" என்று. பெற்றவர் முந்திக்கொண்டு பதில் சொன்னால் கொஞ்சம் பொறுத்து மறுபடி பிள்ளையைப் பார்த்தே கேளுங்கள். படம் எடுக்கும் சம்மதம் வேறு, முடி கொடுக்கும் சம்மதம் வேறு. படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள்.

பேன், ஈரு இருந்தா?

அளவு மேசையிலேயே பிடரியையும் காதுக்குப் பின்னாலும் பார்த்துவிடுங்கள். இருந்தால் அந்த முடி போகாது. தனியாக அழைத்து, மற்றவர் காதில் விழாமல் சொல்லி, சரியான பிறகு வேறு நாள் வரச் சொல்லுங்கள். தொட்ட சீப்பை உடனே ஒதுக்கிச் சுத்தம் செய்யுங்கள்.

வெட்டின முடியை எவ்வளவு நாள் வெச்சிருக்கலாம்?

காய்ந்த முடி கெடாது. ஈரம்தான் எதிரி. லேசான ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடினால் சில நாளில் பூஞ்சை பிடிக்கும். திறந்தவுடன் மூக்கில் அடிக்கும் புழுங்கிய வாடையே அதைச் சொல்லிவிடும். அப்படி ஒரு கொத்து பெட்டியில் இருந்தால் பக்கத்தில் உள்ளதும் வீண். சந்தேகம் வந்தால் ஒரு இரவு காகிதத்தில் பரப்பி வைத்து மறுநாள் பையில் போடுங்கள். ஒருவருடைய கொத்துகளுக்கு ஒரு பை. மேலே அமைப்பு கேட்கும் விவரம் மட்டும் எழுதினால் போதும். ஒரு வாரத்துக்குள் அனுப்பி, அனுப்பிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

எல்லாம் சரி, கடைக்கு இதனால என்ன கிடைக்கும்னு கேட்டா தப்பா?

தப்பே இல்லை. நீள முடி வைத்திருந்தவர் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை நுனி வெட்ட வந்திருப்பார். பாப் வெட்டுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் வடிவம் கலையும், வெட்டியவரிடமே திரும்பி வருவதுதான் இயல்பு. வெட்டு நன்றாக இருந்தால் அவர் வருவார், கூடவே யார் வெட்டினார்கள் என்று கேட்ட நாலு பேரையும் அனுப்புவார். அதனால் அன்று ஷாம்பூ விற்காதீர்கள், பேக்கேஜ் பேசாதீர்கள், கூப்பன் திணிக்காதீர்கள். நாற்காலியில் மாட்டிக்கொண்டவரிடம் விற்பது போலத் தெரியும்.

கொடுக்க ஆசை என்றால் ஆறு வாரத்தில் ஒரு இலவச ட்ரிம் கொடுங்கள். திடீரென்று குட்டை முடிக்கு மாறியவருக்கு எந்தப் பக்கம் வகிடு எடுப்பது, எப்படிச் சீவுவது என்ற குழப்பம் இருக்கும், அதைத் தீர்த்து வைக்கவும் அந்த வருகை உதவும். அமைப்பிலிருந்து கடிதம் வந்ததும் தானம் செய்த எல்லாருக்கும் அனுப்புங்கள். எத்தனை கொத்து போனது, எத்தனை ஏற்கப்படவில்லை, ஏன் என்பதையும் மறைக்காமல் சேர்த்து எழுதுங்கள். கடிதம் வரத் தாமதமானால் "இன்னும் வரவில்லை" என்று ஒரு வரியாவது அனுப்பிவிடுங்கள்.